கங்கைகொண்டானில் ஃபேக்டரி, வள்ளியூரில் கோடவுன்: எஸ்ஏபி ஆக்சஸ் கேட்டு ஐடி டீமுக்கு எழுதுகிறவர்களின் கேள்விகள்

ஐடி ஆக்சஸ் டீமில் டிக்கெட் பார்க்கிறவன் நான். வள்ளியூரில் புதுக் கோடவுன் திறந்த பிறகு அங்கிருந்தும் கங்கைகொண்டானிலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: லாரியில் வரும் சரக்கை எஸ்ஏபியில் வரவு வைக்க ஆக்சஸ் வேண்டும். அதை வைத்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

"எஸ்ஏபி ஆக்சஸ் வேண்டும், வேலைக்குத் தேவைப்படுகிறது என்று டிக்கெட் போட்டேன். 'பிசினஸ் நீட் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுக்கு மேல என்ன எழுதணும்?"

எந்த வேலை, எங்கே, யாரிடம் நிற்கிறது என்று எழுத வேண்டும். டிக்கெட்டைத் திறந்து பார்ப்பவர் சென்னையில் இருக்கிறார், அவருக்கு வள்ளியூர் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் இருக்கலாம். உங்கள் கோடவுனில் என்ன நடக்கிறது என்பது நீங்கள் எழுதினால்தான் அவருக்குத் தெரியும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். லாரி வள்ளியூரில் சரக்கை இறக்குகிறது. நீங்கள் சலானையும் இன்வாய்ஸையும் போட்டோ எடுத்து கங்கைகொண்டானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அங்கே ஸ்டோர்ஸில் இருக்கிறவர் தன் வேலையை முடித்துவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ MIGO-வில் வரவு வைக்கிறார். வரவு வைக்கும் வரை அக்கவுண்ட்ஸில் அந்த இன்வாய்ஸைப் பதிய முடியாது, பதியாவிட்டால் பேமெண்ட் போகாது. சப்ளையர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால் இன்னும் சிக்கல். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் அவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கில் குறை என்று எழுத்தில் ஆட்சேபம் ஏதும் இல்லாதபோது, அந்த நாள் கணக்கு சரக்கு உங்கள் கையில் வந்த தேதியிலிருந்து ஓடும், நீங்கள் எஸ்ஏபியில் ஏற்றிய தேதியிலிருந்து இல்லை. வரவு வைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அக்கவுண்ட்ஸ்காரர் கையில் இருக்கும் நாளிலிருந்து கழிகிறது.

பிசினஸ் நீட் என்று கேட்பது இதைத்தான். இதை நாலு வரியில் எழுதினால் திருப்பி அனுப்ப யாருக்கும் காரணம் கிடைக்காது. "வேலைக்குத் தேவை" என்று மட்டும் எழுதினால், எல்லோருக்கும் எல்லாமே வேலைக்குத் தேவைதானே.

"எனக்கு எந்த ஆக்சஸ் வேணும்னு எனக்கே தெரியல. சும்மா எஸ்ஏபின்னு போட்டா அவங்களா பார்த்துக் கொடுக்க மாட்டாங்களா?"

மாட்டார்கள். எஸ்ஏபி ஒரு பெரிய கட்டடம், உங்களுக்கு எந்த அறைச் சாவி என்று சொல்ல வேண்டும். மூன்று விஷயம் போதும்: எந்த டி-கோட், எந்த பிளாண்ட், பார்க்க மட்டுமா இல்லை பதியவும் வேண்டுமா. சரக்கு வரவு என்றால் டி-கோட் MIGO, இருப்பைப் பார்க்க MMBE அல்லது MB52, பிஓவைப் பார்க்க ME23N. பிளாண்ட் நம்பர் உங்கள் பிஓவிலேயே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருக்கும். வள்ளியூருக்கு 1200, கங்கைகொண்டானுக்கு 1100 என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

எஸ்ஏபி ஐடி ஏற்கெனவே இருந்து, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தடுக்கிறது என்றால் வேலை இன்னும் சுலபம். "You are not authorized" என்று வந்த உடனே, வேறு எதையும் தொடாமல், மேலே இடது பக்கம் இருக்கும் கட்டளைப் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
/nSU53
```

எந்தச் சோதனையில் நீங்கள் தோற்றீர்கள் என்று அந்தத் திரை காட்டும். உதாரணமாக M_MSEG_WWE என்ற பெயரும், அதற்குக் கீழே WERKS என்ற இடத்தில் 1200 என்றும் வந்தால், உங்களிடம் MIGO இருக்கிறது, ஆனால் வள்ளியூர் பிளாண்ட் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். பிளாண்ட் சரியாக இருந்து M_MSEG_BWE என்று வந்தால், மூவ்மெண்ட் டைப்தான் இடிக்கிறது. இதெல்லாம் உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை, திரையை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிக்கெட்டில் போட்டுவிடுங்கள், அது எங்களுக்குப் புரியும். மொபைலில் எடுத்த போட்டோவில் பாதித் திரையும் பாதி டீ டம்ளரும் தெரிகிற மாதிரி அனுப்பாதீர்கள், சாமி.

ஓர் எச்சரிக்கை. மெசேஜ் வந்தபின் வேறு இரண்டு திரைக்குப் போய்விட்டு SU53 பார்த்தால், அது சம்பந்தமில்லாத வேறு எதையாவது காட்டிக்கொண்டு நிற்கலாம். அதை நம்பி ஆக்சஸ் கொடுத்தால் அப்புறமும் வேலை நடக்காது. அதனால் எர்ரர் மெசேஜ் வந்த திரையையும் சேர்த்தே அனுப்புங்கள்.

"கங்கைகொண்டான் ஸ்டோர்ஸ்ல ஒரு அண்ணாச்சி இருக்காங்க. அவங்களுக்கு இருக்கிறது மாதிரியே எனக்கும் கொடுங்கன்னு எழுதினா என்ன தப்பு?"

அண்ணாச்சியிடம் என்னென்ன இருக்கிறது என்று அண்ணாச்சிக்கே தெரியாது, அதுதான் தப்பு. அவர் முதலில் பர்சேஸில் இருந்தார், அங்கே பிஓ போடும் ரோல் வாங்கினார். பிறகு ஸ்டோர்ஸுக்கு வந்தார், வரவு வைக்கும் ரோல் சேர்ந்தது. நடுவில் ஒரு வருடம் ஸ்டாக் எடுக்கிற வேலையும் பார்த்தார், அதற்கும் ஒன்று. பழையதை யாரும் எடுக்கவில்லை. அவரைப் பார்த்து உங்களுக்குப் போட்டால் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பிஓ போடும் அதிகாரமும் சேர்ந்து வந்துவிடும், ஆடிட்டில் உங்கள் பெயர் வந்து நிற்கும், "இவருக்கு எதற்கு இது?" என்று உங்கள் மேனேஜரைத்தான் கேட்பார்கள்.

அவர் பெயரைக் குறிப்பிடுவதில் தவறில்லை. "இவர் கங்கைகொண்டானில் செய்யும் சரக்கு வரவு வேலையை நான் வள்ளியூரில் செய்யப்போகிறேன்" என்று எழுதினால் எங்களுக்கு ஒரு வழி தெரியும், அவரிடம் இருப்பதில் அந்த ஒரு ரோலை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

"மேனேஜர் வாட்ஸ்அப்ல ஓகேன்னு போட்டுட்டாரு, கட்டைவிரலும் காட்டிட்டாரு. அது அப்ரூவல் இல்லையா?"

உங்களுக்கு அப்ரூவல், எங்களுக்கு இல்லை. ஆடிட்டர் மார்ச் கணக்கு முடிந்து உட்காரும்போது, கடந்த வருடம் கொடுத்த ஆக்சஸில் சிலவற்றை அவராகப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் யார் கேட்டார், யார் சம்மதித்தார், எந்தத் தேதியில், அதற்குப் பிறகுதான் ஆக்சஸ் கொடுக்கப்பட்டதா என்று பார்ப்பார். 2013 கம்பெனிகள் சட்டப்படி நிதிக் கட்டுப்பாடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கருத்துச் சொல்வது ஆடிட்டர் வேலை, இந்தச் சோதனை அதில் ஒரு பகுதி. அப்போது நான் யாருடைய போனில் இருக்கும் கட்டைவிரலைக் காட்டுவது?

டிக்கெட்டிலேயே மேனேஜர் அப்ரூவ் பட்டனை அழுத்துவதுதான் நல்லது. முடியாதபோது அவருடைய ஆபீஸ் மெயிலிலிருந்து பதில் வர வேண்டும், அதில் வெறும் "Approved" என்று இல்லாமல் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது இருக்க வேண்டும். "வள்ளியூர் பிளாண்ட் 1200-க்கு MIGO வரவு பதியும் ஆக்சஸ், இவருக்கு, இந்தத் தேதி வரை, சம்மதம்" என்ற ஒரு வரி. மேனேஜர் எழுதச் சோம்பல்படுவார் என்றால் அந்த வரியை நீங்களே எழுதி அவருக்கு அனுப்புங்கள், அவர் அதற்குப் பதில் போட்டால் போதும். நீங்கள் ஃபார்வேர்டு செய்யும் மெயிலை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை, ஃபார்வேர்டு செய்யும்போது எழுத்தை மாற்ற முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் மெயிலில் ஐடி டீமும் இருக்கட்டும்.

"மேனேஜர் ஆடி அமாவாசைக்கு குடும்பத்தோட சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிட்டாரு. போன் போகல. என்ன செய்ய?"

காரையாறு காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கியிருப்பவரிடம் சிக்னல் எதிர்பார்க்கவும் கூடாது, பாவம். லீவில் போகும்முன் டிக்கெட் சிஸ்டத்தில் அவர் தனக்குப் பதில் அப்ரூவ் செய்ய ஒருவரை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வைத்திருந்தால் டிக்கெட் தானாக அவரிடம் போகும். வைக்கவில்லையென்றால் மேனேஜருக்கு மேனேஜர் அப்ரூவ் செய்யலாம், அதுவும் செல்லும். கூட வேலை செய்யும் சீனியர் செய்ய முடியாது, நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளவும் முடியாது.

இதிலேயே இன்னொன்று. ஆனித் தேரோட்டத்துக்கு திருநெல்வேலி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், சென்னையில் அன்று சாதாரண வேலை நாள். ஐடி டீம் ஏதாவது விளக்கம் கேட்டு அன்று டிக்கெட்டைத் திருப்பியிருந்தால் உங்கள் பக்கம் பார்க்க ஆள் இருக்காது. பதில் வராத டிக்கெட் சில வேலை நாள் கழித்துத் தானாக மூடிக்கொள்ளும். விடுமுறை முடிந்து வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

"மேனேஜர் அப்ரூவ் பண்ணியாச்சு. இன்னும் 'ரோல் ஓனர் அப்ரூவல் பெண்டிங்'னு நிக்குது. மேனேஜரை விட இவர் யாரு பெரிய ஆளு?"

பெரிய ஆள் இல்லை, வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறவர். இவர் இந்த வேலையைச் செய்கிறவர்தானா என்பதற்கு மேனேஜர் பொறுப்பு. இந்த ரோல் இவர் கையில் போனால் வேறு ஏதாவது இடிக்குமா என்பதற்கு ரோல் ஓனர் பொறுப்பு, ஸ்டோர்ஸ் ரோலுக்குப் பெரும்பாலும் மெட்டீரியல்ஸ் தலைவர்தான் அந்த ஆள்.

எங்கே இடிக்கும் என்று சொல்கிறேன். ஒரு பொருளுக்குப் பணம் போக மூன்று காகிதம் ஒத்துப்போக வேண்டும்: பர்சேஸ் போட்ட பிஓ, ஸ்டோர்ஸ் வைத்த வரவு, அக்கவுண்ட்ஸ் பதிந்த இன்வாய்ஸ். 100 மூட்டைக்குப் பிஓ, 100 மூட்டை வரவு, 100 மூட்டைக்கு இன்வாய்ஸ் என்றால் எஸ்ஏபி கேள்வி கேட்காமல் பேமெண்டுக்கு விட்டுவிடும். 90 மூட்டைதான் வரவு என்றால் இன்வாய்ஸ் பிளாக் ஆகும். மூன்றையும் மூன்று பேர் செய்வதால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. வரவு வைக்கும் MIGO-வும் இன்வாய்ஸ் பதியும் MIRO-வும் ஒரே ஆளிடம் இருந்தால், வராத லாரியை வந்ததாக வைத்து அவரே இன்வாய்ஸும் பதிந்துவிட முடியும். நீங்கள் அப்படிச் செய்வீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. செய்ய முடியும் என்பதே ஆடிட்டில் ஒரு குறை.

வள்ளியூரில் இரண்டு பேர்தான் இருக்கிறோம், எப்படிப் பிரிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிஓவும் இன்வாய்ஸும் கங்கைகொண்டானிலேயே இருக்கட்டும், வரவு மட்டும் வள்ளியூருக்கு வரட்டும், இப்படிக் கேட்டால் எங்கேயும் இடிக்காது. எப்படிப் பிரித்தாலும் இடிக்கிறது என்றால், அந்த ஆள் பதிந்ததை வாரா வாரம் வேறொருவர் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்று எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஆனால் அந்தக் கையெழுத்து உண்மையிலேயே வாரா வாரம் விழ வேண்டும், மார்ச் கடைசியில் ஒரே பேனாவில் மொத்தமாகப் போட்டால் ஆடிட்டருக்குத் தெரிந்துவிடும்.

"முழுசா ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன்."

சரி. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான்.

> பொருள்: வள்ளியூர் கோடவுன், பிளாண்ட் 1200, சரக்கு வரவு பதியும் ஆக்சஸ்
>
> வள்ளியூர் கோடவுனில் ஸ்டோர்ஸ் அசிஸ்டெண்டாக இருக்கிறேன். இங்கே நாளுக்கு 4 முதல் 6 லாரி சரக்கு இறங்குகிறது. இங்கு யாருக்கும் MIGO இல்லாததால் சலானை கங்கைகொண்டான் ஸ்டோர்ஸுக்கு அனுப்பி அவர்கள் வரவு வைக்கிறார்கள், 1 முதல் 2 நாள் தாமதமாகிறது. சனிக்கிழமை வந்த சரக்கு செவ்வாய்க்கிழமை ஏறுகிறது. சிறு நிறுவன சப்ளையர்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டியிருப்பதால் அக்கவுண்ட்ஸிலிருந்து நினைவூட்டல் வருகிறது. மாதக் கடைசியில் இங்கே எண்ணும் இருப்பும் எஸ்ஏபி இருப்பும் பொருந்துவதில்லை.
>
> வேண்டியது: MIGO, பிளாண்ட் 1200 மட்டும், மூவ்மெண்ட் 101. பார்க்க மட்டும் ME23N, MB52, அதே பிளாண்ட். தவறாகப் பதிந்ததை ரத்து செய்யும் 102 எனக்கு வேண்டாம், கங்கைகொண்டான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரிடமே இருக்கட்டும். பிஓ போடுவது, இன்வாய்ஸ் பதிவது இரண்டும் எனக்கு இல்லை, தேவையும் இல்லை.
>
> காலம்: நிரந்தரம், இந்தப் பணியில் இருக்கும் வரை.
>
> மேனேஜர் இந்த டிக்கெட்டில் அப்ரூவ் செய்வார். SU53 ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

102 வேண்டாம் என்று சொன்ன வரியைக் கவனியுங்கள். என்ன வேண்டாம் என்று எழுதுகிறவருக்கு ரோல் ஓனர் சீக்கிரம் சம்மதிப்பார், ஏனென்றால் அவர் கேட்கப்போகும் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ரத்து செய்வதும் உங்கள் வேலை என்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் எத்தனை முறை அது தேவைப்படுகிறது என்று ஒரு வரி சேருங்கள். அப்புறம் அந்த லாரி எண்ணிக்கை, தாமத நாள் எல்லாம் கேட் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். கேட்டால் காட்ட முடிய வேண்டும்.

"லாரி வாசல்ல நிக்குது, டிரைவர் கத்துறாரு. ஆக்சஸ் வர வரைக்கும் அண்ணாச்சி ஐடியில நுழைஞ்சு போட்டுக்கலாமா?"

கூடாது. அண்ணாச்சி பாஸ்வேர்டை ஆசையாகக் கொடுத்தாலும் கூடாது. நாளைக்கு எண்ணிக்கையில் 10 மூட்டை குறைந்தால் பதிவில் அவர் பெயர்தான் இருக்கும், அவர் அன்றைக்கு வள்ளியூர்ப் பக்கமே வரவில்லை என்பதை எப்படி நிரூபிப்பார்? 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் மாறிப் பதிந்தால் அந்தத் தடமே பொய்யாகிவிடும்.

அதோடு, லாரி நிற்பதற்கும் MIGO-வுக்கும் சம்பந்தம் கிடையாது. சரக்கை எண்ணி இறக்கி, சலானில் வந்த தேதியும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பிவிடலாம், எஸ்ஏபியில் பிறகு வைக்கலாம். மாதக் கடைசி மாதிரி உண்மையிலேயே அவசரம் என்றால் டிக்கெட்டில் அதைச் சொல்லி, குறைந்த நாளுக்கு மட்டும் தற்காலிக ஆக்சஸ் கேளுங்கள். அதற்கும் மேனேஜர் அப்ரூவல் வேண்டும், ஆனால் முடியும் தேதி போட்டிருப்பதால் சீக்கிரம் கிடைக்கும். எல்லா டிக்கெட்டிலும் "அவசரம்" என்று போடுகிறவருடைய அவசரத்தை மட்டும் யாரும் நம்புவதில்லை.

"ஆக்சஸ் கொடுத்தாச்சுன்னு மெயில் வந்துச்சு. ஆனா இன்னும் அதே எர்ரர்தான் வருது."

முதலில் எஸ்ஏபியிலிருந்து முழுவதும் வெளியேறி மறுபடி நுழையுங்கள், திறந்திருக்கும் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு. பாதிப் புகார்கள் இதிலேயே தீரும். பிறகு நீங்கள் நுழைந்திருப்பது சோதனை சிஸ்டமா, உண்மையான சிஸ்டமா என்று பாருங்கள், கீழே ஓரத்தில் சிஸ்டம் பெயர் தெரியும். டிக்கெட்டில் எந்த சிஸ்டம் என்று எழுதாததால் சோதனைக்குக் கொடுத்துவிட்ட கதைகள் நிறைய உண்டு.

அப்புறமும் வந்தால் மறுபடி SU53 எடுத்து, அதே டிக்கெட்டைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள், புது டிக்கெட் போடாதீர்கள். புதிதாகப் போட்டால் அப்ரூவல் முதலிலிருந்து ஓட வேண்டும். பிளாண்ட் 1200 என்று கேட்டு 1100 கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது எங்கள் தவறு, அப்ரூவல் ஏற்கெனவே இருக்கிறது, நேராகத் திருத்திவிடலாம். நீங்களே கேட்கும்போது 1100 என்று எழுதியிருந்தால் வேறு வழியில்லை, மேனேஜர் மறுபடி அப்ரூவ் செய்ய வேண்டும்.

"அடுத்த மாசம் என்னை டிஸ்பாட்ச்சுக்கு மாத்துறாங்க. இந்த ஆக்சஸ் இருந்துட்டுப் போகட்டும், எதுக்காவது உதவும்ல?"

உதவாது. டிஸ்பாட்ச்சுக்குப் புதிதாகக் கேட்கும் அதே டிக்கெட்டில் பழைய வரவு ஆக்சஸை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவருக்குப் பழக்கிவிட வேண்டும் என்றால் எந்தத் தேதியோடு எடுக்கலாம் என்று தேதி போடுங்கள், அதுவரை இருக்கும். நீங்கள் சொல்லாமல் விட்டால், யாரிடம் என்ன ஆக்சஸ் இருக்கிறது என்று ஆக்சஸ் ரிவ்யூவின்போது பட்டியல் எடுத்து மேனேஜர்களுக்கு அனுப்புவோம். அப்போது அது உங்கள் புது மேனேஜருக்குப் போகும், அவருக்கு வள்ளியூர் MIGO எதற்கு என்று தெரியாது, "தேவையில்லை" என்று அடித்துவிடுவார். சில சமயம் எதையும் படிக்காமல் மொத்தப் பட்டியலையும் "தேவையில்லை" என்று அடித்துவிட்டு, மறுநாள் காலையில் டிஸ்பாட்ச் ஆக்சஸும் போய்விட்டது என்று போன் செய்பவர்களும் இருக்கிறார்கள்.